சர்வேல பெருசுங்களே நெறைய மாட்டிட்டா வயசு வெயிட் போடறது எப்படி: ராகி களி கணக்கோட

பகல் பதினோரு மணிக்கு பென்னாகரம் பக்கம் எந்த ஊருக்கு வேணாலும் போயி கதவ தட்டி பாருங்க, வெளிய வர்றது தாத்தாவோ பாட்டியோதான். பையன் ஓசூர் கம்பெனில ஷிப்ட்ல இருப்பான், இன்னொருத்தன் பெங்களூர்ல கட்டட வேலைல இருப்பான், மருமக நூறு நாள் வேலைக்கு போயிருப்பாங்க. திண்ணைல உக்காந்து நம்ம கேள்விக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்றதுக்கு பெருசுங்கதான் மிச்சம், அவங்களும் நல்லா பேசுவாங்க, மோர் கூட குடுப்பாங்க, சாயங்காலம் பேப்பர எண்ணி பாத்தா பாதிக்கு பாதி நரைச்ச தலை.

நாங்க ஒரு பஞ்சாயத்துல 400 பேர்கிட்ட சாப்பாட்டு சர்வே எடுத்தப்ப நடந்தது இதுதான். முக்கியமான கேள்வி ஒண்ணே ஒண்ணு: போன வாரத்துல மூணு நாளாவது ராகி களி சாப்டீங்களா? (2023ல இருந்து நம்ம மாவட்டத்துல ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி வாங்கிக்கலாம்னு வந்துச்சுல்ல, அத யாரு உண்மையிலயே திங்கறாங்கன்னு பாக்கத்தான்.) 400ல 208 பேர் ஆமான்னாங்க, 52 சதவீதம். "ஊர்ல பாதிக்கு மேல களி சாப்பிடுது"ன்னு எழுதிட்டு போயிருப்போம், ஆனா களி திங்கறதே பெருசுங்க ஜாஸ்தி, நாம புடிச்சதும் பெருசுங்கள ஜாஸ்தி, ரெண்டும் ஒரே பக்கமா சாஞ்சா அந்த 52 வீங்கின நம்பர். இத சரி பண்ற வேலைக்கு பேருதான் போஸ்ட் ஸ்ட்ராட்டிஃபிகேஷன் வெயிட். பேருதான் பெருசு, உள்ள இருக்கறது ஒரு வகுத்தல் கணக்கு. வகுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எங்க சறுக்கும்னு தெரிஞ்சுக்கறதுதான் வேலையே. கீழ வர்ற எண்ணெல்லாம் மனசுல நிக்கட்டும்னு நான் ரவுண்டாக்கினது, அத ஊரோட புள்ளிவிவரம்னு எங்கயும் தூக்கி போட்றாதீங்க.

மொதல்ல: யாரு "ஊர்"?

கணக்குக்கு முன்னாடி இத ஒரு வரில எழுதி வச்சிருங்க. பெங்களூர்ல தங்கி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வர்ற பையன் ஊர் ஆளா இல்லையா? ஓட்டு இங்கதான் இருக்கு, சோறு அங்க. வெயிட் போடறதுன்னா நம்ம சாம்பிள ஊரோட வயசு அமைப்புக்கு பொருத்தறது, அப்ப அந்த ஊர்ல யாரு யாரு இருக்காங்கன்னு தெரியாம எதுக்கு பொருத்தறது. நாங்க "18 வயசுக்கு மேல, வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த ஊர் வீட்ல தூங்கறவங்க"ன்னு முடிவு பண்ணோம். ஓசூருக்கு பஸ்ல போயிட்டு வர்றவங்க உள்ள, பெங்களூர்லயே இருக்கறவங்க வெளிய.

ஊரோட வயசு கணக்கு எங்க கெடைக்கும்

எல்லாரும் மொதல்ல ஓடறது சென்சஸுக்கு. 2011 சென்சஸ்ல சி-14னு ஒரு டேபிள் இருக்கு, மாவட்ட வாரியா அஞ்சு அஞ்சு வயசு குரூப்பா ஆண் பெண் பிரிச்சு குடுத்திருப்பாங்க, கிராமம் நகரம்னும் தனித்தனியா இருக்கும். நல்ல டேபிள்தான், ஆனா 2011ல +2 படிச்ச பையனுக்கு இப்ப முப்பது தாண்டிருச்சு, அந்த சதவீதத்த அப்படியே எடுத்து வச்சா நீங்க பொருத்தறது பழைய ஊருக்கு. அதவிட அடிக்கடி நடக்கற தப்பு ஒண்ணு, மொத்த ஜனத்தொகைய கீழ போட்டு வகுத்துடறாங்க, சின்ன பசங்களும் அதுல சேந்துருது, நம்ம சர்வேயோ 18 வயசுக்கு மேல. அப்ப எல்லா குரூப்போட பங்கும் கம்மியா வந்து மொத்தம் 100 ஆகாம எழுவதுலயோ என்னவோ நிக்கும். பங்கெல்லாம் கூட்டி 100 வருதான்னு பாத்துட்டு மேல போங்க.

ஒரே பஞ்சாயத்துக்குன்னா வாக்காளர் பட்டியல் சவுரியம். ஒவ்வொரு பாகத்துலயும் ஆள் ஆளுக்கு வயசு போட்டிருக்கும், எந்த தேதிக்கு அந்த வயசுன்னு மொத பக்கத்துலயே இருக்கும். என்ன ஒண்ணு, பிடிஎஃப்ல எழுத்த காப்பி பண்ண வராது, படமாத்தான் இருக்கும், அதனால நாங்க பிரிண்ட் எடுத்து ரெண்டு பேர் உக்காந்து ஒருத்தர் படிக்க ஒருத்தர் அஞ்சு அஞ்சு கோடா கிழிச்சு எண்ணினோம், ஒரு நாள் போச்சு. குறையும் இருக்கு: இறந்தவங்க பேரு சிலது அப்படியே கெடக்கும், பதினெட்டு பத்தொம்போது வயசு புள்ளைங்க சேத்திருக்க மாட்டாங்க, வெளியூர் போனவங்க பேரும் இருக்கும். எங்க "ஊர்" வரையறைக்கு ஒத்து வரணும்ல, அதனால அங்கன்வாடி அக்கா ஒருத்தரயும் ஊர் விவரம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரயும் கூட வச்சு பட்டியல தெரு தெருவா அடிச்சோம், "இவன் பெங்களூர்லயே செட்டில் ஆயிட்டான், இந்தம்மா போயி மூணு வருசம் ஆச்சு"ன்னு. மாவட்டம் முழுக்க எடுக்கற சர்வேக்கு இப்படி முடியாதுதான்.

கடைசில வந்தது: 18-29 வயசு 22 சதவீதம், 30-44 வயசு 31, 45-59 வயசு 27, 60க்கு மேல 20.

வயச வாங்கறது

ஒரு பாட்டிகிட்ட வயசு கேட்டா என்ன நடக்கும்னு சொல்றேன்.

"உங்களுக்கு வயசு என்னங்க பாட்டி?"

"எனக்கென்ன சாமி, ஒரு அறுவது இருக்கும் போடு."

பக்கத்துல இருந்த பேத்தி, "அடப்போ ஆயா, அம்மாவுக்கே நாப்பத்தெட்டு ஆவுது" அப்படின்னுச்சு.

எங்க ஷீட்ல 45, 50, 60, 65 இதெல்லாம் குவிஞ்சு கெடந்துச்சு, 59 ரெண்டே பேரு, 60 இருவத்தியாறு பேரு. ரவுண்டா சொல்றது எல்லா ஊர்லயும் இருக்கற பழக்கம்தான், ஆனா நம்ம குரூப் எல்லையும் 45லயும் 60லயும்தான விழுது, 57 வயசுக்காரர் 60ன்னு சொன்னா நேரா அடுத்த குரூப்புக்கு தாவிடறாரு, அங்க வெயிட்டே வேற. அதனால வயச கேக்காதீங்க, பொறந்த வருசத்த கேளுங்க, முடிஞ்சா ஆதார்ல பாத்து எழுதுங்க. அதுலயும் ஜனவரி 1னு போட்டிருந்தா அந்த வருசமே குத்துமதிப்பா போட்டதா இருக்கலாம், மூத்த புள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டா ஓரளவு புடிச்சிரலாம்.

வெயிட் கணக்கு

எல்லா குரூப்புக்கும் ஒரே சூத்திரம்: ஊர்ல அந்த குரூப்போட பங்கு, வகுத்தல் நம்ம சாம்பிள்ல அந்த குரூப்போட பங்கு.

| வயசு | ஊர்ல பங்கு | சாம்பிள்ல பேர் | சாம்பிள்ல பங்கு | வெயிட் | களி சாப்டவங்க |
|---|---|---|---|---|---|
| 18-29 | 22% | 40 | 10% | 2.20 | 8 |
| 30-44 | 31% | 80 | 20% | 1.55 | 28 |
| 45-59 | 27% | 120 | 30% | 0.90 | 60 |
| 60+ | 20% | 160 | 40% | 0.50 | 112 |

பெருசுங்க ஊர்ல 20 சதவீதம்தான், நம்மகிட்ட 40 வந்துட்டாங்க, அதனால ஒவ்வொரு பெருசும் அரை ஆளு. சின்ன வயசு 22 இருக்கணும், 10தான் கெடச்சுது, ஒவ்வொருத்தரும் ரெண்டே கால் ஆளு மாதிரி பேசணும். யாரையும் சாம்பிள்ல இருந்து தூக்கறதில்ல, ஒவ்வொரு பதிலும் எவ்ளோ எடை நிக்கணும்ங்கறது மட்டும் மாறுது.

இப்ப களி. 18-29ல 8 பேர், ஆளுக்கு 2.2ன்னா 17.6. அடுத்தது 28 பெருக்கல் 1.55, 43.4. அடுத்தது 60 பெருக்கல் 0.9, 54. கடைசில 112 பேர் பாதியாகி 56. கூட்டினா 171, அத 400ஆல வகுத்தா 42.75 சதவீதம். 52ன்னு இருந்தது 43க்கு வந்துருச்சு, பாதிக்கு மேலன்னு எழுதப் போனது பாதிக்கும் கீழ.

தப்பா தலகீழா வகுத்துட்டா எப்படி தெரியும்? ரெண்டு சோதனை. நெறைய மாட்டின குரூப்போட வெயிட் ஒண்ணுக்கு கீழதான் இருக்கணும், பெருசுங்களுக்கு 2ன்னு வந்துச்சுன்னா திருப்பி வகுத்திருக்கீங்க. ரெண்டாவது, எல்லா ஆளோட வெயிட்டயும் கூட்டினா சாம்பிள் எண்ணிக்கையே திரும்ப வரணும்: 88, 124, 108, 80, மொத்தம் 400. வரலன்னா எங்கயோ ஆள் விட்டு போயிருக்கு.

எக்செல்ல

Data ஷீட்ல B வயசு, C குரூப், D பதில் (ஆமா 1, இல்ல 0), E வெயிட். Wt ஷீட்ல A குரூப், B ஊர் பங்கு, C சாம்பிள் எண்ணிக்கை, D வெயிட்.

```
C2:     =IF(ISNUMBER(B2),IF(B2<18,"check",IF(B2<30,"18-29",IF(B2<45,"30-44",IF(B2<60,"45-59","60+")))),"check")
Wt!C2:  =COUNTIF(Data!C:C,A2)
Wt!D2:  =B2/(C2/SUM(C$2:C$5))
E2:     =VLOOKUP(C2,Wt!$A$2:$D$5,4,FALSE)
```

அந்த ISNUMBERம், 18க்கு கீழன்னா "check"ங்கறதும் எதுக்குன்னா, மொத தடவ நான் அது ரெண்டும் இல்லாமதான் போட்டேன். வயசு காலியா இருந்த கட்டத்த எக்செல் பூஜ்யம்னு எடுத்துக்கும், பூஜ்யம் 30க்கு கீழதான, அதனால வயசே எழுதாத ஆறு பேரு போயி 18-29ல உக்காந்துட்டாங்க. அதுல முக்கால்வாசி பேரு வயசு தெரியாத பெருசுங்க. அரை வெயிட் வாங்க வேண்டியவங்க ரெண்டு வெயிட்டுக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க. இன்னொரு பக்கம் "35 வயசு"ன்னு எழுத்தோட டைப் பண்ணின கட்டம் நேரா 60+க்கு போயிரும், ஏன்னா எக்செல் எழுத்த எந்த எண்ண விடவும் பெருசுன்னு நெனைக்கும். பிழைன்னு ஒண்ணும் காட்டாது, கமுக்கமா நம்பர் வந்துரும். "check"னு வர்றவங்கள ஒவ்வொருத்தரா பாத்து சரி பண்ணிட்டு அப்பறம் பெருக்குங்க.

```
=SUMPRODUCT(D2:D401,E2:E401)/SUM(E2:E401)
```

இதுதான் 42.75. D காலியா இருந்தா இந்த சூத்திரம் அத "இல்ல"ன்னு எண்ணிரும், பதில் சொல்லாதவங்கள தனியா எடுத்து வச்சிருங்க.

குரூப்ப எவ்ளோ பொடிசா வெட்டலாம்

புதுசா கத்துக்கறவங்க எல்லாருக்கும் ஒரு ஆசை வரும், இன்னும் பொடிசா வெட்டினா இன்னும் கரெக்டா வரும்னு. எங்ககிட்ட ஒரு தம்பி 18-21ன்னு தனியா ஒரு குரூப் போட்டாரு. ஊர்ல அவங்க 8 சதவீதம்னு வைங்க, சாம்பிள்ல கெடச்சது நாலே பேரு, 1 சதவீதம். வெயிட் 8. அந்த நாலுல ஒரு பொண்ணு அன்னிக்கு "ஆமா"க்கு பதிலா "இல்ல"ன்னு சொல்லியிருந்தா ஊர் மொத்த நம்பரே 2 சதவீதம் ஆடும், 400ல 8. ஒரு ஆளு சொன்னத வச்சு ஊரே ஆடறது நல்லா இல்ல. ஒரு குரூப்ல இருவது முப்பது பேராவது இல்லன்னா பக்கத்து குரூப்போட சேத்துருங்க, அதனாலதான் நாங்க நாலோட நிறுத்திட்டோம். சேத்தும் வெயிட் 4, 5ன்னு போச்சுன்னா சில பேரு ஒரு உச்ச வரம்பு வச்சு வெட்டிட்டு, மொத்தம் 400 வர்ற மாதிரி திரும்ப சரி பண்ணுவாங்க. அப்படி வெட்டினா கொஞ்சம் சாய்வு திரும்ப வந்துரும், தெரிஞ்சே பண்ணா தப்பில்ல.

வயசோட ஆண் பெண்ணும் சேத்து பாக்கணும்னா எட்டு கட்டம் ஆகும், எங்களுக்கு 18-29 ஆம்பளைங்க பதினொரு பேருதான், அதனால விட்டுட்டோம். ரெண்டு மூணு விஷயத்த தனித்தனியா மாத்தி மாத்தி பொருத்தற ரேக்கிங்னு ஒரு முறை இருக்கு, அது தனி கதை.

வெயிட்டுக்கு குடுக்கற வெல

சும்மா வராது. நாப்பது பேர ரெண்டு மடங்குக்கு மேல ஊதி காட்டறோம்ல, அந்த நாப்பது பேர்ல இருக்கற தற்செயலும் சேந்து ஊதும். எவ்ளோ இழந்தோம்னு பாக்க கிஷ்ங்கறவரோட கணக்கு ஒண்ணு இருக்கு:

```
=SUM(E2:E401)^2/SUMSQ(E2:E401)
```

எங்களுக்கு 306 வந்துச்சு. 400 பேர்கிட்ட அலஞ்சும் கைல இருக்கறது 306 பேர் சர்வேக்கு உண்டான உறுதிதான். அதுபடி பாத்தா 42.75க்கு ரெண்டு பக்கமும் 5.5 சதவீதம் தளர்வு. நெசத்துல களி மாதிரி வயசோட ஒட்டின கேள்விக்கு அவ்ளோ நஷ்டம் இல்ல, குரூப் குரூப்பா கணக்கு போட்டு பாத்தா 5.1தான் வருது, ஏன்னா குரூப்புக்கு குரூப் இருக்கற வித்தியாசத்த வெயிட்டே புடிச்சிருது. ஆனா எல்லா வயசும் ஒரே மாதிரி பதில் சொல்ற கேள்வி இருக்கு பாருங்க, உதாரணத்துக்கு "வீட்ல ஒகேனக்கல் குடிநீர் பைப் வருதா". நாலு குரூப்லயும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம்தான், வெயிட் போட்டாலும் போடலன்னாலும் அதே நம்பர், தளர்வு மட்டும் ஏறும். அதனால வெயிட் போடறதுக்கு முன்னாடி குரூப் வாரியா சதவீதத்த ஒரு தடவ பாத்துருங்க: 20, 35, 50, 70ன்னு ஏறுதுன்னா வெயிட் வேணும். (நாங்க தெரு தெருவா எடுத்ததால பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க ஒரே மாதிரி சாப்பிடறதும் இருக்கு, அதுக்கு தளர்வு இன்னும் கொஞ்சம் கூடும்.)

வெயிட்டால சரி பண்ண முடியாதது

இதுலதான் எனக்கு ரொம்ப நாள் தூக்கம் போச்சு. 2.2ன்னு பெருக்கறப்ப நாம சத்தமில்லாம ஒண்ண நம்பறோம்: வீட்ல மாட்டின 40 சின்ன வயசுக்காரங்களும் மாட்டாம போன சின்ன வயசுக்காரங்களும் ஒரே மாதிரி சாப்பிடறாங்கன்னு. யோசிச்சு பாருங்க, பகல் பதினொரு மணிக்கு வீட்ல இருக்கற இருவத்தஞ்சு வயசு ஆளு யாரு? கைக்குழந்தைக்காரங்க, எக்ஸாமுக்கு படிக்கறவங்க, வேலை தேடறவங்க. பாட்டி கிண்டின களி அவங்க தட்டுலயும் விழும். கம்பெனி பஸ் ஏறி போறவன் மத்தியானம் கேன்டீன்ல சோறு திம்பான். பகல் ஆளுங்கள எத்தன மடங்கு பெருக்கினாலும் கேன்டீன் ஆளு வர மாட்டான்.

இத கண்டுபுடிக்க ரெண்டு வேலை பண்ணோம். ஒவ்வொரு வீட்லயும் "இந்த வயசுல வாரத்துக்கு ஒரு நாளாவது இங்க தூங்கறவங்க எத்தன பேரு, அதுல பகல்ல வெளிய போறவங்க எத்தன"ன்னு ரெண்டு கேள்வி சேத்தோம். 18-29ல கிட்டத்தட்ட பாதி பேரு வெளியன்னு தெரிஞ்சுது. அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம போயி, வார நாள்ல வேலைக்கு போற அதே வயசுக்காரங்க 20 பேர்கிட்ட மட்டும் அதே கேள்விய கேட்டோம். களி சாப்டவங்க ரெண்டு பேரு, 10 சதவீதம். பகல் ஆளுங்க 20. பாதி பாதின்னா அந்த வயசுக்கு சரியான நம்பர் 15, இருவது இல்ல. ஊர்ல அவங்க பங்கு 22 சதவீதம், அதுல 5 சதவீதம் கொறஞ்சா மொத்தத்துல 1.1 கொறையும், 42.75 போயி 41.65. இருவது பேர வச்சு கறாரா சொல்ல முடியாதுதான், ஆனா வெளிய போற ஒருத்தர் கூட களியே தொடலன்னு மோசமா வச்சுக்கிட்டாலும் இந்த குரூப்பால 2.2க்கு மேல கொறைய வழியில்ல, அது தெரிஞ்சப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. 30-44க்கு அந்த ஞாயித்துக்கெழம வேலைய பண்ணல, அவங்க ஊர்ல 31 சதவீதம், அங்க ஆட்டம் இன்னும் பெருசா இருக்கலாம்.

அதனால ரிப்போர்ட்ல இப்படித்தான் எழுதி குடுத்தோம்: வெயிட் போடாம 52, வயசு வெயிட் போட்டு 43, வயசு பங்கு திருத்தின வாக்காளர் பட்டியல்ல இருந்து, குரூப் நாலு, வெயிட் 0.5ல இருந்து 2.2 வரைக்கும், பகல்ல வேலைக்கு போற 30-44 வயசுக்காரங்க கம்மியா கெடச்சிருக்காங்க, அதனால 43ங்கறதும் கொஞ்சம் தூக்கலாவே இருக்கலாம். அடுத்த ரவுண்டு ஞாயித்துக்கெழமைலதான் வச்சிருக்கோம், காலைல ஆறரைக்கு கறிக்கடை வாசல்ல.